டைம்கோடு போட்டும் விடியற்காலையில் விலகும் சத்தம்

கேள்வி: வணக்கம் ஐயா. ஓமலூர் பக்கம் எங்கள் ஊர்த் திருவிழாவில் விடிய விடிய நடந்த கூத்தைப் படம் பிடித்தேன். கேமரா 50 அடி தள்ளி ஸ்டாண்டில் நின்றது, நொடிக்கு 25 ஃபிரேம். ஒலியைப் பின்பாட்டுக்காரர்கள் பக்கத்தில் ஒரே மைக் வைத்துத் தனி ரெக்கார்டரில் எடுத்தேன், 48 கிலோஹெர்ட்ஸ், மோனோ. இரவு 10:30-க்கு மைக் முன்னால் நின்று கிளாப் அடித்தேன். இரண்டுக்கும் டைம்கோடு ஒன்றாகப் போட்டுவிட்டுக் கேபிளைக் கழற்றினேன். எடிட்டிங்கில் அலைவடிவத்தைப் பார்த்துத் தானாகவே சேர்க்கச் சொன்னேன். முக்கால் மணி நேரம் வரை குறையே தெரியவில்லை. அப்புறம் தாளம் தட்டுவதற்கு முன்பே சத்தம் வந்துவிடுகிறது. 4:50-க்கு வரும் கடைசிக் காட்சியில் 18 ஃபிரேம் முந்துகிறது. டைம்கோடு போட்டும் ஏன் இப்படி? சரிசெய்ய வழி உண்டா? மே மாதம் ஏற்காட்டில் ஒரு கோயில் விழாவும் எடுக்க வேண்டும்.
வாசகர், சேலம்

பதில்: வழி உண்டு தம்பி. உங்கள் பதிவில் எதுவும் கெட்டுப்போகவில்லை. ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடித்துவிட்டால் ஆறரை மணி நேரக் கூத்தும் வரிசைக்கு வந்துவிடும். எண்ணைத் தேடுவதற்கு முன்னால் டைம்கோடு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதைப் பார்த்துவிடுவோம். பலரும் வழுக்குகிற இடம் அதுதான்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் பேருந்து ஏறுகிறீர்கள். சீட்டில் நேரம் அச்சாகியிருக்கிறது. நீங்கள் எப்போது ஏறினீர்கள் என்பதை அது துல்லியமாகச் சொல்லும். 20 கொண்டை ஊசி வளைவையும் டிரைவர் எவ்வளவு நேரத்தில் ஏறுவார் என்பதைச் சொல்லாது. ரெக்கார்டர் எழுதும் வேவ் கோப்பிலும் டைம்கோடு அப்படித்தான் இருக்கிறது. கோப்பின் தலைப்பகுதியில் ஒரே ஒரு எண் எழுதியிருக்கும். நள்ளிரவிலிருந்து ஒலியின் எத்தனை மாதிரி, அதாவது சாம்பிள், தள்ளி இந்தப் பதிவு தொடங்கியது என்பதுதான் அது. அதற்குப் பிறகு ஆறு மணி நேரமும் ரெக்கார்டர் தன் சொந்தக் கடிகாரத்தை நம்பி ஓடுகிறது. உள்ளே ஒரு குவார்ட்ஸ் படிகம் அதிர்கிறது, அந்த அதிர்வை எண்ணித்தான் நொடிக்கு 48,000 மாதிரி எடுக்கிறது. கேமராவுக்குள் வேறொரு படிகம். இரண்டும் ஒரே வேகத்தில் அதிர வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நீங்கள் போட்ட டைம்கோடு 10:30 மணிக்கு இரண்டையும் ஒரே கோட்டில் நிறுத்தியது. அவை எந்த வேகத்தில் ஓடின என்பதில் அது தலையிடவே இல்லை.

படிகத்தின் பிழையைப் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று சொல்வார்கள். பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை என்றால் மணிக்கு 3.6 மில்லிநொடி. சாதாரண கருவிகளில் 20 பங்கு, 30 பங்கு வித்தியாசம் இருப்பது குறையே அல்ல. பத்து நிமிடப் பேட்டியில் அது கண்ணிலேயே படாது. விடிய விடிய நடக்கும் கூத்துதான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஏற்காடு சாலையில் பழைய சினிமா ஸ்டுடியோவான மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு ஒரு நினைப்பு வரும். பிலிம் காலத்தில் எடிட்டிங் மேசைக்கு வரும் ஒலிச் சுருளிலும் படச் சுருள் மாதிரியே ஓரத்தில் துளை இருக்கும். பல்சக்கரம் இரண்டையும் துளைக்குத் துளை சேர்த்தே இழுக்கும். கிளாப்பில் ஒருமுறை சேர்த்துவிட்டால் சுருள் முடிகிறவரை விலக இடமே இல்லை. நம் கோப்புகளுக்குத் துளை கிடையாது, அவ்வளவுதான்.

சரி, உங்கள் கேஸுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை நிறுத்தியது. முக்கால் மணி நேரம் வரை குறையே தெரியவில்லை என்கிறீர்கள். ஆறு மணி இருபது நிமிடத்தில் 18 ஃபிரேம் என்றால் மணிக்குக் கிட்டத்தட்ட மூன்று ஃபிரேம். சத்தம் படத்தை முந்தினால் மனிதர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு.வின் ஒளிபரப்புப் பரிந்துரை ஒன்றில் இதற்கு அளவே இருக்கிறது. ஒலி சுமார் 45 மில்லிநொடி முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 மில்லிநொடி வரை தெரியாது. நமக்கு இது புதிதல்ல. தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்த்தால் அடி விழுந்த பிறகுதான் சத்தம் வரும். பிந்தி வரும் சத்தத்துக்குக் காதும் கண்ணும் பிறந்ததிலிருந்தே பழகியவை. முந்தி வரும் சத்தத்தை இயற்கையில் எங்கேயும் பார்த்ததில்லை. 45 மில்லிநொடி என்பது ஒரு ஃபிரேமைக் கொஞ்சம் தாண்டிய அளவு. அப்படியானால் இருபது, இருபத்தைந்து நிமிடத்திலேயே உங்களுக்கு உறுத்தியிருக்க வேண்டும். ஏன் முக்கால் மணி ஆயிற்று?

விடை அந்த 50 அடியில் இருக்கிறது. ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும், மீட்டருக்குக் கிட்டத்தட்ட மூன்று மில்லிநொடி. 50 அடி என்பது 15 மீட்டர். மைக் முன்னால் நீங்கள் அடித்த கிளாப் ரெக்கார்டருக்கு உடனே கேட்டது. கேமராவின் மைக்குக்கு 44 மில்லிநொடி கழித்துத்தான் கேட்டது. 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. கேமராவின் கண் கிளாப்பை அந்தக் கணத்திலேயே பார்த்துவிட்டது, காதுக்கு மட்டும் ஒரு ஃபிரேம் தாமதம். அலைவடிவத்தை வைத்துச் சேர்க்கும் மென்பொருள் படத்தைப் பார்ப்பதே இல்லை. கேமரா தன் மைக்கில் எடுத்த ஒலியான பைலட் டிராக்கையும் ரெக்கார்டர் ஒலியையும் மட்டும் ஒப்பிட்டு, தாமதமாக வந்த ஒலியின் மேல் நல்ல ஒலியைக் கொண்டுபோய் வைத்துவிடும். உங்கள் நல்ல ஒலி ஆரம்பத்திலேயே ஒரு ஃபிரேம் பிந்தித்தான் நின்றிருக்கிறது. பிந்தியது கண்ணுக்குத் தெரியவில்லை. அங்கிருந்து மெல்ல முந்தத் தொடங்கி, இருபதாவது நிமிடத்தில் சரியான இடத்தைக் கடந்து, முக்கால் மணி வாக்கில் 45 மில்லிநொடி முந்தியபோது உங்கள் கண்ணில் பட்டது. கணக்கு இடிக்கவில்லை பாருங்கள்.

ஆகவே உங்களிடம் இரண்டு குறை இருக்கிறது. ஒன்று, இரவு முழுக்க மாறாமல் இருக்கும் ஒரு ஃபிரேம் தாமதம். இன்னொன்று, மணிக்கு மணி வளரும் விலகல். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் சரிவராது. வளர்வதை முதலில் தனியாக அளக்க வேண்டும்.

அதைப் படத்தில் பார்த்து அளக்காதீர்கள். படத்தில் ஒரு ஃபிரேமுக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாது, 18 என்று நீங்கள் எண்ணியது 17-ஆகவும் 19-ஆகவும் இருக்கலாம். ஒலியோடு ஒலியை ஒப்பிடுங்கள். கேமராவின் பைலட் டிராக் படத்தோடு ஒரே கடிகாரத்தில் பதிவானது, அதனால் அது படத்தை விட்டு விலகாது. தூரத்தால் வந்த தாமதம் ராத்திரி முழுக்க ஒரே அளவுதான், கேமராவையும் மைக்கையும் இடையில் நகர்த்தாத வரைக்கும். ஆரம்பத்தில் இரண்டு அலைவடிவமும் ஒட்டி நிற்கின்றன. கடைசியில் எவ்வளவு விலகி நிற்கின்றனவோ அதுவே சுத்தமான விலகல், தூரம் அதில் கலக்காது.

கடைசியில் கிளாப் அடிக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கூத்தில் ஒருத்தர் விடியும்வரை உங்களுக்காகக் கிளாப் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். தாளம் போடுகிறவர்தான். மிருதங்கமும் முகவீணையும் ஒன்றோடொன்று கலந்து அலைவடிவத்தில் மண்மேடு மாதிரி கிடக்கும். தாளத்தின் அடி மட்டும் ஈட்டி மாதிரி நிற்கும். வசனம் முடிந்து பாட்டு எடுப்பதற்கு முன்னால் தனியாக விழும் ஒரு அடியைத் தேடுங்கள். பெரிதாக்கிப் பார்த்தால் ரெக்கார்டர் டிராக்கில் ஒரு செங்குத்தான கோடு, அதற்குப் பின்னால் வெண்கலத்தின் இழுவை ஒரு வால் போலத் தேய்ந்துகொண்டே போகும். பைலட் டிராக்கில் அதே கோடு கொஞ்சம் மழுங்கி, கூட்டத்து இரைச்சலுக்குள் நிற்கும். இரண்டு கோடும் ஏறத் தொடங்குகிற இடங்களை மில்லிநொடியில் குறித்துக்கொள்ளுங்கள். தப்பான அடியைப் பிடித்துவிட்டோமா என்ற சந்தேகம் வந்தால் அடுத்த மூன்று அடிகளையும் பாருங்கள், எல்லாவற்றிலும் ஒரே இடைவெளி வர வேண்டும்.

உங்கள் 18 ஃபிரேமோடு ஆரம்பத்துத் தாமதம் ஒரு ஃபிரேமையும் சேர்த்தால் 19 ஃபிரேம். அதாவது 760 மில்லிநொடிக்குப் பக்கத்தில் உங்களுக்கு வரும். நான் 760 என்றே வைத்துக் கணக்குப் போடுகிறேன். நீங்கள் அளந்து கிடைத்த எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

10:30-லிருந்து 4:50 வரை 22,800 நொடி. அதில் 0.76 நொடி போய்விட்டது. வகுத்தால் 30,000-க்கு ஒன்று, அதாவது பத்து லட்சத்தில் 33 பங்கு. நொடிக்கு 48,000 மாதிரி எடுக்க வேண்டிய ரெக்கார்டர், கேமராவின் கணக்குப்படி 47,998.4 மாதிரிதான் எடுத்திருக்கிறது. நொடிக்கு ஒன்றரை மாதிரி குறைந்ததற்கே விடியும்போது முக்கால் நொடி. ரெக்கார்டர் மெதுவாக ஓடியதா, கேமரா வேகமாக ஓடியதா என்று இதிலிருந்து சொல்ல முடியாது. சொல்லவும் தேவையில்லை. படத்தை நீட்டினால் ஃபிரேம் கலைந்துபோகும், ஒலியை நீட்டினால் யாருக்கும் தெரியாது. அதனால் எப்போதும் படத்தை அப்படியே விட்டுவிட்டு ஒலியைத்தான் தொட வேண்டும்.

நீட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை. இதைத் தாண்டிப் போகாதீர்கள். நடுவில், 1:40 வாக்கில், இன்னொரு தாள அடியைப் பிடித்து அளந்து பாருங்கள். விலகல் சீராக வளர்ந்திருந்தால் அங்கே பாதி, அதாவது 380 மில்லிநொடி வர வேண்டும். 12:05-க்குப் பார்த்தால் 190. இந்த எண்கள் ஒரே நேர்கோட்டில் வந்தால் படிகத்தின் வேலைதான். அப்படியில்லாமல் 12 மணிவரை ஒன்றுமில்லை, அப்புறம் திடீரென 700 என்றால் அது விலகலே அல்ல. நடுவில் எங்கோ ஒரு துண்டு காணாமல் போயிருக்கிறது.

இதைச் சொல்லும் உரிமை எனக்கு உண்டு, ஏனென்றால் ஒருமுறை கெட்டவன் நான். ஏற்காடு கோடை விழா நேரத்தில் ஒரு மேடைக் கச்சேரி. முடிவில் 11 ஃபிரேம் விலகல். ஆரம்பத்தையும் முடிவையும் மட்டும் அளந்து, நடுவைப் பார்க்காமல் முழுக் கச்சேரியையும் நீட்டிவிட்டேன். ஆரம்பம் சரி, முடிவு சரி, நடுவில் வயலின்காரர் வில்லைத் திருப்புவதற்கும் சத்தத்துக்கும் ஒட்டே இல்லை. இரண்டு நாள் மண்டையை உடைத்த பிறகுதான் தெரிந்தது. மலிவான மெமரி கார்டு ஒன்றை ரெக்கார்டரில் போட்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் ஒரே ஒரு இடத்தில் அது எழுதத் திணறி, அரை நொடிக்குக் கொஞ்சம் குறைவாக விழுங்கியிருக்கிறது. அங்கே வெட்டி 11 ஃபிரேம் தள்ளி வைத்தால் போதுமாக இருந்தது. நான் சீராக இருந்த முக்கால் மணி நேரத்தையும் சேர்த்துக் கெடுத்திருக்கிறேன்.

கேமரா பக்கமும் இதே வம்பு வரும். நீண்ட பதிவைப் பல கேமராக்கள் 4 ஜிபிக்கு ஒரு கோப்பாக வெட்டி வைக்கும். கோப்புகளை மட்டும் தனித்தனியாக இழுத்துப் போட்டு ஒட்டினால் சில மாடல்களில் ஒட்டில் ஓரிரு ஃபிரேம் போய்விடும். கார்டின் முழு ஃபோல்டரையும் அப்படியே நகலெடுத்து, எடிட்டிங் மென்பொருளின் மீடியா பிரவுசர் வழியாக உள்ளே கொண்டுவந்தால் அது ஒரே நீள கிளிப்பாகத் தெரியும். உங்கள் அளவு படிப்படியாகத் தாவினால், அந்தத் தாவல்கள் கோப்பு ஒட்டும் இடங்களில் விழுகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

வேறு சில விலகல்களுக்கு வேறு முகம் உண்டு. மணிக்கு 3.6 நொடி என்றால் 24-க்கும் 23.976-க்கும் நடுவே, இல்லையென்றால் 30-க்கும் 29.97-க்கும் நடுவே யாரோ குழப்பியிருக்கிறார்கள். குரலே எலி மாதிரியோ எருமை மாதிரியோ மாறினால் 44.1 கிலோஹெர்ட்ஸை 48 என்றோ, 48-ஐ 44.1 என்றோ படித்திருக்கிறது. முன்னும் பின்னுமாக அலைந்தால் அது போனில் எடுத்த படம், ஃபிரேம் வேகம் நிலையாக இல்லை. அதை முதலில் நிலையான 25-க்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. உங்களுடையது இவை எதுவும் இல்லை.

நேர்கோடு என்று உறுதியானதும் நீட்ட வேண்டியதுதான். எடிட்டிங் மென்பொருளில் கிளிப்பின் வேகத்தை மாற்றப் போனால் பலவற்றில் இரண்டு தசமம்தான் ஏற்கும். உங்களுக்கு வேண்டியது 99.99667 சதவீதம். 100.00-க்கு அடுத்தது 99.99 என்று வைத்தால் அது ஆறு மணி இருபது நிமிடத்தில் 2.28 நொடி நீட்டிவிடும், வியாதியை விட மருந்து பெரிசு. அதனால் இதற்கு SoX என்ற இலவச நிரலை வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ரெக்கார்டர் பதிவை 2 ஜிபித் துண்டுகளாக வெட்டியிருந்தால் வரிசையாகக் கொடுங்கள், அதுவே ஒட்டிக்கொள்ளும்:

```
sox k1.wav k2.wav koothu.wav speed 0.99996667 rate -v 48000
```

22,799.24-ஐ 22,800-ஆல் வகுத்தால் வருவதுதான் அந்த எண். ஒலி முந்துகிறது என்றால் கோப்பு குட்டையாக இருக்கிறது, நீட்ட வேண்டும், எண் ஒன்றுக்குக் கீழே. பிந்துகிறது என்றால் ஒன்றுக்கு மேலே. இதில் தலைகீழாகப் போட்டால் விலகல் இரட்டிப்பாகி 38 ஃபிரேமில் வந்து நிற்கும், அதைப் பார்த்தே தவறு தெரிந்துவிடும். மோனோ, 24 பிட் என்றால் முழுக் கோப்பும் சுமார் 3.3 ஜிபிதான் ஆகும். ஸ்டீரியோவாக இருந்தால் வேவ் கோப்பின் 4 ஜிபி எல்லையைத் தாண்டியிருக்கும், பாதியாகப் பிரித்துச் செய்ய வேண்டியிருக்கும். நல்லவேளை, ஒரே மைக் வைத்தீர்கள். புதிய கோப்பில் பழைய டைம்கோடு முத்திரை இருக்கும் என்று நம்ப வேண்டாம், மூலக் கோப்பைப் பத்திரமாக வையுங்கள்.

கட்டளை தட்டிப் பழக்கமில்லை என்றால் REAPER என்ற ஒலி மென்பொருளில் கோப்பைப் போட்டு, அதன் பண்புகளில் வாசிப்பு வேகம் 0.99996667 என்று கொடுக்கலாம். அங்கே `Preserve pitch when changing rate` என்பதில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள். சுருதி மாறிவிடுமே என்று பலர் அதை விட்டுவைக்கிறார்கள். மாறத்தான் செய்யும். எவ்வளவு? ஒரு அரைச்சுரத்தை நூறாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மறுபடி பதினேழாகப் பிரித்தால் வரும் அளவு. முகவீணை வாசித்தவரே கேட்டாலும் கண்டுபிடிக்க மாட்டார். ஆனால் சுருதியைக் காப்பாற்றுகிறேன் என்று மென்பொருள் ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டும்போது தாள அடியின் கூர்மை போய், சில இடங்களில் ஒரே அடி இரண்டாகக் கேட்கும். அது எல்லோருக்கும் கேட்கும்.

நீட்டிய ஒலியை இனிப் படத்தோடு வைக்க வேண்டும். இங்கேதான் கண்ணுக்கு வேலை. கிளாப் அடித்த இடத்தை ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்துங்கள். ஒரு ஃபிரேமில் மேல் கட்டை மங்கலாக, கோடு இழுத்த மாதிரி, நடுவே இடைவெளியோடு இருக்கும். அடுத்த ஃபிரேமில் கட்டை தெளிவாக, மூடி நிற்கும். சத்தம் பிறந்தது அந்த இரண்டுக்கும் நடுவே. ஒலியின் செங்குத்துக் கோடு மூடிய முதல் ஃபிரேமின் தொடக்கத்தில் விழும்படி வையுங்கள். மென்பொருள் தானாகச் சேர்த்து வைத்த இடத்திலிருந்து இது ஒரு ஃபிரேம் முன்னால் இருக்கும். 44-இல் 40 போனால் மிச்சம் 4 மில்லிநொடி, அதை விட்டுவிடலாம். 50 அடியிலிருந்து கிளாப் பொடியாகத் தெரிந்து, எது மூடிய ஃபிரேம் என்று புரியவில்லை என்றால் தாளக்காரரின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தும் இதையே செய்யலாம்.

தூரக் கணக்கை மட்டும் நம்பி ஒரு ஃபிரேமைத் தள்ளிவிட்டுப் போகாமல் ஏன் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன் என்றால், திருவிழாவில் ஒலிபெருக்கி இருக்கும். குழாய் ஒன்று உங்கள் கேமராவுக்குப் பக்கத்துக் கம்பத்தில் கட்டியிருந்தால், ஆடுகளத்துச் சத்தம் கம்பி வழியாக ஓடிவந்து கேமரா மைக்குக்கு உடனே கேட்டிருக்கும். அப்போது தாமதம் 44 அல்ல, 5 கூட இருக்கலாம். உங்கள் முக்கால் மணிக் கணக்கைப் பார்த்தால் அப்படி இல்லை என்றுதான் தோன்றுகிறது, ஆனாலும் படம்தான் சாட்சி.

கடைசியாக 12:05, 1:40, 4:50 மூன்றிலும் தாளக்காரர் கையைப் பாருங்கள். மூன்றிலும் ஒட்டி நின்றால் வேலை முடிந்தது. நடுவில் அரை ஃபிரேம் அசைந்தால் கவலைப்பட வேண்டாம். நள்ளிரவுக்கு மேல் குளிர் இறங்கும்போது படிகமும் கொஞ்சம் மாறும்.

இவ்வளவும் உங்களுக்கு ஏன் தேவைப்படுகிறது என்றால் கூத்தை வெட்டாமல் முழுசாக வைக்க நினைக்கிறீர்கள். அரை மணி நேரத் தொகுப்புதான் வேண்டும் என்றால் நீட்டவே வேண்டாம். எடுக்கும் ஒவ்வொரு துண்டையும் அதன் முதல் தாள அடியில் தனித்தனியாகச் சேர்த்துவிட்டால் போதும். ஐந்து நிமிடத் துண்டுக்குள் விலகல் 10 மில்லிநொடிதான்.

இனி ஏற்காடு. இதே கேமரா, இதே ரெக்கார்டர் என்றால் போவதற்கு முன்னால் வீட்டில் ஒரு ராத்திரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓடவிடுங்கள், இரண்டு முனையிலும் கிளாப் அடித்து. அந்த 33 என்பது இந்த ஜோடியின் குணம், ஓரிரு பங்கு முன்னே பின்னே அதேதான் திரும்பவும் வரும். டைம்கோடு பெட்டி உங்களிடம் இருந்தால் கேபிளைக் கழற்றாமல் விடுங்கள். கேமராவில் ஒரு ஒலிச் சேனலை அதற்குக் கொடுத்துவிட்டு, ரெக்கார்டரிலும் ஒரு சேனலில் இன்னொரு பெட்டியின் டைம்கோடு ஒலியைப் பதிவு செய்யுங்கள். கேட்டால் கரகரவென்று வண்டு கத்துகிற மாதிரி இருக்கும். நல்ல பெட்டிக்குள் இருக்கும் படிகம் வெப்பத்துக்கு ஈடுகொடுப்பது, ஒரு நாளைக்கு ஒரு ஃபிரேம் அளவுக்குத்தான் விலகும். ராத்திரி முழுக்க எந்த நொடியில் வேண்டுமானாலும் விலகலை அளக்க உங்களிடம் ஒரு அளவுகோல் இருக்கும். அதுவும் விலகலைத் தடுக்காது, காட்டும். தடுக்க வேண்டும் என்றால் ரெக்கார்டரின் மாதிரிக் கடிகாரத்தையே வெளியிலிருந்து ஓட்டும் வசதி வேண்டும், அந்த வகைக் கருவிக்கு விலை அதிகம். உங்கள் வேலைக்கு அது வேண்டாம்.

அதைவிட எளிது, இடைவேளை கிடைக்கும்போதெல்லாம் ரெக்கார்டரை நிறுத்தி மறுபடி ஓட்டி, மைக் பக்கத்தில் ஒரு கிளாப். நிறுத்துவதற்கு முன்னாலும் ஒன்று, கட்டையைத் தலைகீழாகப் பிடித்து. தலைகீழாக இருந்தால் அது முடிவுக் கிளாப் என்று எடிட்டருக்குப் புரியும். கேமரா பக்கத்தில் நின்று அடிக்காதீர்கள். அப்படி அடித்தால் தாமதம் ரெக்கார்டருக்குப் போய், சேர்க்கும்போது உங்கள் ஒலி முழுவதும் முந்தி நிற்கும். டைம்கோடைச் சேலத்திலேயே காலையில் போட்டுக்கொண்டு மலை ஏறவும் வேண்டாம். ஏறி, சாப்பிட்டு, கோயில் வாசலில் கேமராவை நிறுத்துவதற்குள் மூன்று மணி நேரம் ஓடியிருந்தால், உங்கள் ஜோடி அப்போதே 9 ஃபிரேம் விலகியிருக்கும். ஸ்டாண்டைப் போட்டு, கருவிகள் மலைக் குளிருக்கு அரை மணி நேரம் பழகிய பிறகு அங்கேயே போடுங்கள்.